நஷ்டத்துக்கு வித்தா வரி குறையும். ஆனா 61 நாள் கணக்கு தெரியணும்

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் திருத்தப்பட்டுள்ளது.)

போன பிப்ரவரியில காலேஜ் நண்பன் ஒருத்தன் அமெரிக்காவிலிருந்து கூப்பிட்டான். அவனை இங்கே கார்த்தின்னு வச்சுக்கலாம். "டேய், நான் டிசம்பர்ல 12,000 டாலர் நஷ்டத்துக்கு ஷேர் வித்தேன்ல? புரோக்கர் அனுப்பின பேப்பர்ல அதுல 4,500 டாலர் செல்லாதுன்னு போட்டிருக்கு. நான் எதையும் திரும்ப வாங்கவே இல்லடா!"

அவன் சொன்னது உண்மை. அவன் எதையும் வாங்கலை. ஆனாலும் புரோக்கர் போட்ட கணக்கு சரிதான். அது எப்படின்னு புரிஞ்சுக்கிறதுதான் இன்னைக்கு எபிசோட். எண்களை எளிமையா இருக்கட்டும்னு கொஞ்சம் முழுசாக்கியிருக்கேன்.

முதல்ல, நஷ்டத்துக்கு ஏன் விக்கணும்?

கார்த்தி அந்த வருஷம் பழைய மியூச்சுவல் ஃபண்ட் ஒண்ணை வித்ததுல 12,000 டாலர் லாபம் வந்தது. ஒரு வருஷத்துக்கு மேல வச்சிருந்தது, அதனால நீண்டகால லாபம். அவன் வருமானத்துக்கு அதுக்கு மத்திய அரசு வரி 15 சதவீதம், அதாவது 1,800 டாலர்.

இன்னொரு பக்கம், அவன் வேலை பார்க்கிற கம்பெனியோட ஷேர் 400 அவன்கிட்ட இருந்தது. சம்பளத்தோட ஒரு பகுதியா ஆர்எஸ்யூ கொடுப்பாங்க இல்லையா, அப்படி வந்தது. கைக்கு வந்தப்போ ஒரு ஷேர் 80 டாலர். போன டிசம்பர்ல 50 டாலர். ஒரு ஷேருக்கு 30 வீதம் 12,000 டாலர் நஷ்டம். ஆனா விக்காத வரைக்கும் அது திரையில தெரியுற சிவப்பு எண் மட்டும்தான். வரித்துறை அதைக் கண்டுக்காது. வித்தாதான் அது கணக்குக்கு வரும்.

அதனால டிசம்பர் 10-ம் தேதி 400 ஷேரையும் வித்தான். லாபம் 12,000, நஷ்டம் 12,000, வரி பூஜ்யம். இதுக்குப் பேர்தான் டேக்ஸ் லாஸ் ஹார்வெஸ்டிங். லாபத்தை விட நஷ்டம் அதிகமா இருந்தா, வருஷத்துக்கு 3,000 டாலர் வரைக்கும் சம்பள வருமானத்திலும் கழிச்சுக்கலாம். மீதியை அடுத்தடுத்த வருஷங்களுக்குக் கொண்டு போகலாம்.

அப்போ எங்க தப்பு நடந்தது?

நவம்பர் 20-ம் தேதி அவனுக்கு வழக்கமான மூணு மாச ஆர்எஸ்யூ வந்தது. வரிக்குப் பிடிச்சது போக 150 ஷேர் கணக்கில ஏறுச்சு. தானா வந்து விழுந்ததால அவன் அதை 'வாங்கினது'ன்னு நினைக்கவே இல்லை.

அமெரிக்க வருமான வரிச் சட்டத்தோட 1091-வது பிரிவுல 'வாஷ் சேல்'னு ஒரு விதி இருக்கு. ஒரு ஷேரை நஷ்டத்துக்கு வித்தா, விக்கிறதுக்கு முன்னாடி 30 நாள், வித்ததுக்கு அப்புறம் 30 நாள், இதுக்குள்ள அதே ஷேரோ கிட்டத்தட்ட அதே மாதிரியான ஒண்ணோ உங்க கைக்கு வந்தா, அந்த நஷ்டத்தை இப்போ கழிக்க முடியாது. வித்த நாளையும் சேர்த்தா மொத்தம் 61 நாள். நிறைய பேருக்கு 'அப்புறம் 30 நாள்' தெரியும். 'முன்னாடி 30 நாள்'தான் கோட்டை விடுற இடம்.

நவம்பர் 20-லிருந்து டிசம்பர் 10 வரைக்கும் 20 நாள்தான். ஆர்எஸ்யூ வழியா வர்ற ஷேரும் வாங்கினதாத்தான் எடுத்துக்கப்படுது. ஆனா இந்த விதி முழு 400 ஷேரையும் பிடிக்காது. எத்தனை புதுசா வந்ததோ அத்தனைக்கு மட்டும்தான். 150 ஷேர், ஒண்ணுக்கு 30 டாலர், 4,500 டாலர். மீதி 250 ஷேரோட 7,500 டாலர் நஷ்டம் செல்லும். ஆக, அந்த வருஷம் 4,500 டாலர் லாபத்துக்கு அவன் 675 டாலர் வரி கட்டணும்.

இப்படி ஒரு விதி எதுக்கு?

இது 1921-லேயே வந்த விதி. காரணம் ரொம்ப நேரடியானது. வருஷக் கடைசியில ஷேரை விக்கிறேன், மறுநாள் காலையில அதே விலைக்குத் திரும்ப வாங்குறேன்னு வைங்க. என் கையில நேத்து என்ன இருந்ததோ அதேதான் இன்னைக்கும் இருக்கு. அந்தக் கம்பெனி மேல போனாலும் கீழ போனாலும் என் நிலைமை மாறலை. விக்கிறதும் வாங்குறதும் ஒண்ணையொண்ணு அடிச்சுடுது. ஆனா வரிக் கணக்குல மட்டும் ஒரு நஷ்டம் முளைச்சிருக்கு. எல்லாரும் இதையே செஞ்சா, லாபத்துக்கு யாரும் வரி கட்ட வேண்டிய நேரமே வராது.

அதனால சட்டம் கேக்குறது: நிஜமாவே வித்தியா? நிஜமா வித்தவன்னா 30 நாள் அந்த ஷேர் இல்லாம இருந்து காட்டு. அந்த ஒரு மாசத்துல விலை 50-லிருந்து 65-க்கு ஏறலாம், நீ வெளியே நின்னு வேடிக்கை பாக்கணும். அந்த ரிஸ்க்தான் இதுக்கு விலை. முன்னாடி 30 நாளும் ஏன்னா, முதல்ல புதுசா வாங்கி வச்சுட்டு அப்புறம் பழசை விக்கிற வழியையும் அடைக்கத்தான்.

பணம் போயிடுச்சா?

இதைத்தான் கார்த்தி அடுத்துக் கேட்டான். போகலை, தள்ளிப் போயிருக்கு. செல்லாத அந்த 30 டாலரை புது ஷேரோட அடக்க விலையில ஏத்திடுவாங்க. நவம்பர்ல வந்த ஷேர் அப்போ 52 டாலர். இப்போ வரிக் கணக்குக்கு அதோட அடக்கம் 82. பழைய ஷேரை வச்சிருந்த காலமும் புது ஷேரோட சேர்ந்துக்கும். நாளைக்கு அதை 90-க்கு வித்தா, லாபம் 38 இல்ல, 8 மட்டும்தான்.

டிசம்பர் 10-ம் தேதியே அந்த 150-ஐயும் சேர்த்து 550 ஷேரையும் வித்து, அடுத்த 30 நாளுக்குப் புதுசா எதுவும் வராம இருந்திருந்தா, முழு நஷ்டமும் அதே வருஷத்துல கிடைச்சிருக்கும். ஏன்னா நஷ்டத்தைச் சுமந்துகிட்டிருந்த ஷேரும் கையை விட்டுப் போயிடுச்சே.

அல்லது டிசம்பர் 21-க்கு அப்புறம், வருஷம் முடியுறதுக்குள்ள வித்திருக்கலாம். நவம்பர் 20-லிருந்து 30 நாள் டிசம்பர் 20-ஓட முடியுது. அடுத்த ஆர்எஸ்யூ பிப்ரவரி 20, அது ரொம்ப தூரம். ஆனா இதுல ஒரு நிஜமான சிக்கல் இருக்கு. காலாண்டு முடிவு வரப் போற நேரத்துல பல கம்பெனிகள் ஊழியர்கள் ஷேர் விக்கிறதைத் தடை பண்ணிடும். டிசம்பர் கடைசியில அந்த ஜன்னல் மூடியிருக்கலாம். அதனால ஆர்எஸ்யூ தேதி, தடைத் தேதி ரெண்டையும் அக்டோபர்லேயே காலண்டர்ல குறிச்சு வச்சாதான் வழி தெரியும்.

உண்மையிலேயே பணம் போற இடம்

ஒரே ஒரு சூழ்நிலையில நஷ்டம் நிரந்தரமாப் போயிடும். சாதாரணக் கணக்குல நஷ்டத்துக்கு வித்துட்டு, அதே ஷேரை 30 நாளுக்குள்ள ஐஆர்ஏங்கிற ஓய்வுக்காலக் கணக்குல வாங்கினா. அந்தக் கணக்குக்குள்ள அடக்க விலையை ஏத்திக்க முடியாதுன்னு ஐஆர்எஸ் 2008-லேயே தெளிவாச் சொல்லிடுச்சு. ஏத்தி வைக்க இடமில்லாததால நஷ்டம் காணாமப் போயிடும்.

கணவனோ மனைவியோ வாங்கினாலும் இந்த விதி பிடிக்கும். புரோக்கர் ஒரே கணக்குல, ஒரே ஷேர்ல நடந்ததைத்தான் பாத்துக் குறிப்பாங்க. `1099-B` படிவத்துல `1g` பெட்டியில அந்தத் தொகை வரும். `Form 8949`-ல `W` குறியீட்டோட அதை எழுதணும். வேற புரோக்கர்கிட்ட, துணையோட கணக்குல நடந்தது அந்தப் பேப்பர்ல வராது. அதைக் கண்டுபிடிச்சு எழுதுறது உங்க பொறுப்பு. டிவிடெண்ட் தானா மறுமுதலீடு ஆகுற வசதி ஆன்ல இருந்தாலும் கவனிங்க. ஒரு ஷேர் வாங்கியிருந்தா ஒரு ஷேரோட நஷ்டம் மாட்டும். தொகை சின்னது, ஆனா கணக்கு எழுதுற தலைவலி பெரிசு.

அந்த 30 நாள் மார்க்கெட்டை விட்டு வெளியே நிக்கப் பயமா இருந்தா? ஒரு கம்பெனி ஷேரை வித்துட்டு, அந்தத் துறை முழுசையும் வச்சிருக்கிற ஃபண்டை வாங்கலாம், அது வேற பொருள். எஸ்&பி 500 ஃபண்டை வித்துட்டு மொத்தச் சந்தை ஃபண்டுக்குப் போறவங்க நிறைய பேர். ஆனா ஒரு நிறுவனத்தோட எஸ்&பி 500 ஃபண்டிலிருந்து இன்னொரு நிறுவனத்தோட எஸ்&பி 500 ஃபண்டுக்குப் போறது சந்தேகமான இடம். 'கிட்டத்தட்ட அதே'ங்கிறதுக்குச் சட்டத்துல அளவுகோல் கிடையாது.

சென்னையில இருந்து கேக்குறவங்களுக்கு

"எங்களுக்கும் 30 நாள் விதி உண்டா?"ன்னு கேப்பீங்க. இந்தியாவில பட்டியலிட்ட ஷேருக்கு அப்படி ஒரு விதி கிடையாது. மார்ச்ல வித்துட்டு மறுநாள் வாங்கலாம். அதே நாள்ல வாங்கினா மட்டும் அது டெலிவரி ஆகாது, இன்ட்ராடேயாப் போயிடும், நீங்க நினைச்ச நஷ்டம் கிடைக்காது. குறுகியகால நஷ்டத்தை ரெண்டு வகை லாபத்திலும் கழிக்கலாம். நீண்டகால நஷ்டத்தை நீண்டகால லாபத்துல மட்டும்தான் கழிக்கலாம். மீதியை 8 வருஷம் கொண்டு போகணும்னா ரிட்டர்னைக் கெடு தேதிக்குள்ள போட்டிருக்கணும்.

கடைசியா ஒண்ணு. இது எந்த ஊர்ல செஞ்சாலும் வரியைத் தள்ளிப் போடுற வேலைதான். 50-க்கு வித்து அப்புறம் 50-க்கே வாங்கினா, உங்க அடக்கம் 80-லிருந்து 50-க்கு இறங்கிடுச்சு. பின்னாடி ஏறும்போது அந்த 30-க்கும் வரி வரும். இன்னைக்கு மிச்சமான பணம் அதுவரைக்கும் உங்க கையில வேலை செய்யும், அதுதான் ஆதாயம். அமெரிக்காவில வருமானம் குறைவா இருந்து நீண்டகால லாபத்துக்கு வரியே பூஜ்யம்னா, அந்த லாபத்துக்கு எதிரா நஷ்டத்தை அறுவடை பண்றதுல அர்த்தமே இல்லை.

கார்த்தி அந்த 675 டாலரைக் கட்டிட்டான். போன வாரம் ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினான். காலண்டர்ல ஒவ்வொரு ஆர்எஸ்யூ தேதிக்கும் முன்னாடி 30 நாளும் பின்னாடி 30 நாளும் சிவப்புல அடிச்சிருந்தது. நடுவுல இருக்கிற வெள்ளைக் கட்டங்கள்தான் அவன் விக்கலாம்ங்கிற நாள். அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.