ஓடியது பூனையா, நாயா?

நம் மாலை வகுப்பில் 'தி டாக் தட் சேஸ்ட் தி கேட் ரேன் அவே' என்ற வரியைக் கொடுத்து, ஓடியது எது என்று கேட்டோம். பலரும் பூனை என்றார்கள். சொற்களின் பொருள் தெரியும். 'கேட்' பக்கத்தில் 'ரேன் அவே' நின்றதுதான் ஏமாற்றியது.

'தட்' முதல் 'கேட்' வரை விரலால் மூடச் சொன்னோம். நாய் ஓடியது. எந்த நாய்? விரலை எடுத்தார்கள்: பூனையைத் துரத்திய நாய். தமிழில் முன்னால் வரும் விவரம் ஆங்கிலத்தில் பின்னால் வருகிறது.

பெற்றோர்களே, நீங்கள் மொழிபெயர்த்துக் கொடுக்காதீர்கள். படித்ததைப் பிள்ளையே தமிழில் சொல்லட்டும். தடுமாறும் இடமே புரியாத இடம். ஆங்கிலம் அறியாத உம்மாவுக்கும் அது தெரிந்துவிடும். பிறகு விடையை ஆங்கிலத்தில் எழுதட்டும்.