இணைப்பு ஒன்று

ஐ.டி.ஐ. ஒன்றும் தொழிற்சாலை ஒன்றும் கைகோத்துப் பயிற்சி தரும் திட்டத்தை எங்கள் வட்டாரத்தில் 'டூயல் சிஸ்டம்' என்போம். பாடமும் அடிப்படைப் பயிற்சியும் ஐ.டி.ஐ.யில், உற்பத்தி எந்திரத்தில் வேலை பழகுவது தொழிற்சாலையில். 2 ஆண்டுப் படிப்பென்றால் 6 முதல் 12 மாதம் வரை மாணவர் தொழிற்சாலையில் இருப்பார். இதற்கு இரு தரப்பும் கையெழுத்திடுவதுதான் புரிந்துணர்வு ஒப்பந்தம்.

முதல் பக்கத்தில் நோக்கம், கால அளவு, முகவரிகள் எல்லாம் இருக்கும். நான் முதலில் புரட்டுவது கடைசியில் உள்ள இணைப்பைத்தான். காரணம் சொல்கிறேன். நான் பயிற்றுநராக இருந்தபோது ஓர் ஒப்பந்தத்தில், "நிறுவனம் செய்முறைப் பயிற்சி அளிக்கும்" என்ற ஒரே வரி இருந்தது. டர்னர் பிரிவுப் பிள்ளைகளைப் பார்க்கப் போனேன். அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். மேலாளரைக் கேட்டால், அதுவும் செய்முறைதானே என்றார். அந்த வரியை வைத்து அவரோடு வாதாட வழியில்லை!

அடுத்த ஒப்பந்தத்தின் இணைப்பில் வாரவாரியாக எழுதினோம். முதல் இரண்டு வாரம் பாதுகாப்பும் அளவுக்கருவிகளும். பிறகு லேத்தில் ஃபேசிங், டர்னிங், அப்புறம் மரை வெட்டுவது. ஒரு லேத்துக்கு இத்தனை மாணவர். கற்றுத்தருபவர் எந்தப் பதவியில் இருப்பவர். அவர் விடுப்பில் போனால் யார் பொறுப்பு. மாணவருடைய டைரியில் அன்றைய வேலை, வெர்னியரில் எடுத்த அளவு, சூப்பர்வைசரின் கையெழுத்து. டைரியைப் புரட்டும்போது நான்கு நாள் தொடர்ந்து 'பேக்கிங்' என்றிருந்தால், ஐந்தாம் நாளே இணைப்பைக் காட்டிப் பேசிவிடலாம்.

இன்னொன்று, விலகும் விதி. 30 நாள் அறிவிப்பு கொடுத்து எந்தத் தரப்பும் விலகலாம் என்று வழக்கமாகப் போட்டுவிடுவார்கள். 6 மாதப் பயிற்சியில் மூன்றாம் மாதம் ஆர்டர் குறைந்து நிறுவனம் விலகினால் பிள்ளைகள் எங்கே போவார்கள்? "ஏற்கெனவே சேர்ந்த அணி பயிற்சியை முடிக்கும்வரை விலகல் அவர்களைப் பாதிக்காது" என்று ஒரு வாக்கியம் சேர்த்தே ஆக வேண்டும்.

முத்திரைத்தாளில் எழுதிவிட்டாலே சட்டம் காப்பாற்றும் என்று நினைக்காதீர்கள். யார் எதைச் செய்ய உறுதியாக ஒப்புக்கொண்டார்கள், பதிலுக்கு என்ன தருகிறார்கள் என்று உள்ளே எழுதியிருப்பதைத்தான் நீதிமன்றம் பார்க்கும். 'முயலும்', 'ஒத்துழைக்கும்' என்று மட்டும் எழுதினால் பிடிமானம் கிடையாது.

போக்குவரத்து, உணவு, உதவித்தொகை, விபத்துக் காப்பீடு, பாதுகாப்புக் காலணி, இவை யார் செலவு என்பதையும் அதே இணைப்பில் எழுதிவிடலாம். விரிவாகச் சொல்ல நேரம் இல்லை. உங்கள் பிள்ளை இப்படிப் பயிற்சிக்குப் போவதாக இருந்தால், அம்மா, ஐயா, முதல்வரிடம் அந்த இணைப்பின் நகலைக் கேளுங்கள். அதில் எந்திரத்தின் பெயரும் கற்றுத்தருபவரின் பதவியும் இருக்கும் என்று நம்புகிறேன்.