கை போவது தெரிந்தால்



படிக்கும் மேசையில் எங்களில் சிலர் தலைமயிரைப் பிடுங்கினோம். சிலர் முகத்துத் தோலைக் கிள்ளினோம். "கையை எடு" என்று வீட்டில் ஏசினார்கள். ஆனால் கை போனதே பல நேரம் எங்களுக்குத் தெரியாது. மயிர் பிடுங்குவதற்கு மருத்துவத்தில் ட்ரைக்கோட்டிலோமேனியா என்று பெயர். தோல் கிள்ளுவதும் அதே குடும்பம்தான்.

1973இல் அஸ்ரின், நன் என்ற இருவர் வெளியிட்ட பழக்கமாற்றுப் பயிற்சி, ஏசுவதில் அல்ல, கவனிப்பதில் தொடங்குகிறது. எங்களிடம் வந்த உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தியிடம், பிடுங்காமல், கை போகும் விதத்தை மட்டும் மெதுவாகச் செய்துகாட்டச் சொன்னோம். முதலில் முழங்கை மேசையில் ஊன்றியது. பிறகு விரல்கள் தடித்த மயிரைத் தேடின. பிடுங்குவது அதற்குப் பிறகுதான். ஒவ்வொரு முறையும் நேரத்தையும் இடத்தையும் கொப்பியில் குறித்தாள். தொடக்கத்தில் பிடுங்கிய பின்பே தெரிந்தது. பிறகு தேடும்போதே தெரிந்தது. கடைசியில் முழங்கை ஊன்றும்போதே தெரிந்தது. அந்த இடத்தில் கையைப் பொத்தி ஒரு நிமிடம் வைத்திருக்கப் பழகினாள். பிடுங்குவது குறைந்தது.

பரீட்சை நெருங்க அது திரும்பி வந்தது. கொப்பியை மறுபடி எடுத்தோம்.

ஒன்று மட்டும் கவனியுங்கள்: பிடுங்கிய மயிரை விழுங்கும் பிள்ளைக்கு வயிற்றுவலியோ வாந்தியோ வந்தால் தாமதிக்க வேண்டாம். மயிர் இரைப்பையில் உருண்டையாகத் திரளலாம். மற்றப்படி, ஏசாமல் கொப்பியைக் கொடுங்கள்.