வாக்களிப்பைக் கட்டாயமாக்கும் மசோதா: மாதிரி நாடாளுமன்ற உரை

(மும்பையில் நம்மவர் பிள்ளைகள் படிக்கும் பள்ளி ஒன்றில் மாதிரி நாடாளுமன்றம் நடத்துகிறார்கள். பத்தாம் வகுப்பு மாணவி ஒருவர் வாக்களிப்பைக் கட்டாயமாக்கும் மசோதாவை முன்மொழிய வேண்டும். உரை எழுதித் தாருங்கள் என்று பெற்றோர் சங்கத்துக்கு வந்தார்கள். எழுதிக் கொடுத்தேன். நம் குடும்பங்களின் பிரச்சினையும் இதில் கலந்திருப்பதால் இதழில் வெளியிடுமாறு நண்பர்கள் கேட்டனர்.)

மாண்புமிகு அவைத்தலைவர் அவர்களே!

கட்டாய வாக்களிப்பு மசோதாவை இந்த அவை ஆய்வுக்கு எடுத்துக்கொள்ள வேண்டும் எனப் பிரேரிக்கிறேன். நான் அமைச்சர் அல்லள். ஆகவே இது தனிநபர் மசோதா. மெய்யான மக்களவையில் இத்தகைய மசோதாக்களுக்கு வெள்ளிக்கிழமை பிற்பகலில் இரண்டரை மணி நேரம்தான் ஒதுக்குவார்கள். அந்த நேரத்தில் இதே கருத்துள்ள மசோதாக்கள் பலமுறை வந்து போயிருக்கின்றன. ஒன்றுகூடச் சட்டமாகவில்லை. 2015இல் சட்ட ஆணையம் தனது 255ஆவது அறிக்கையில் கட்டாய வாக்களிப்பு வேண்டாம் என்றே சொல்லிவிட்டது. இவையெல்லாம் தெரிந்துதான் நிற்கிறேன். முந்தைய மசோதாக்களில் இல்லாத ஒன்றை இதில் வைத்திருக்க முயன்றிருக்கிறேன்.

2019 பொதுத்தேர்தலில் பட்டியலில் பெயர் இருந்தும் ஏறக்குறைய 30 கோடிப் பேர் வாக்களிக்கவில்லை. இது தேர்தல் ஆணையமே 2022 டிசம்பரில் சொன்ன கணக்கு. இந்த 30 கோடிப் பேரையும் சோம்பேறிகள் என்று எதிர்வரிசையில் சிலர் நினைக்கலாம். ஒருவரை மட்டும் எடுத்துப் பார்ப்போம். அவருக்குப் பெயர் வேண்டாம். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், தாராவியில் தோல் பட்டறையில் வேலை. ஓட்டு ஊரில்.

2024 பொதுத்தேர்தல் தேதிகளை ஆணையம் மார்ச் 16ஆம் நாள் அறிவித்தது. தமிழ்நாட்டில் ஏப்ரல் 19 அன்று வாக்குப்பதிவு. மும்பையிலிருந்து திருநெல்வேலிக்கு ரயிலில் ஒன்றரை நாள் பயணம். எனவே அவர் 17ஆம் தேதியாவது வண்டி ஏற வேண்டும். அப்போதைய விதிப்படி முன்பதிவு 120 நாட்களுக்கு முன் தொடங்கும். 17ஆம் தேதி வண்டிக்கு முந்தைய டிசம்பர் மூன்றாம் வாரத்திலேயே ஜன்னல் திறந்தாகிவிட்டது. தேர்தல் தேதி தெரிந்ததோ பயணத்துக்கு 32 நாட்கள் முன்னால். அதற்குள் சித்திரைப் பிறப்புக்கும் கோடை விடுமுறைக்கும் ஊர் போகிறவர்கள் படுக்கைகளை எடுத்துவிட்டார்கள். இவருக்குக் கிடைப்பது காத்திருப்போர் பட்டியலில் ஒரு எண். இல்லையென்றால் முதல்நாள் தட்காலில் அதிர்ஷ்டம், அதுவும் இல்லையென்றால் முன்பதிவில்லாப் பெட்டியில் கழிவறை வாசல்.

2024 நவம்பர் முதல் முன்பதிவுக் காலத்தை 60 நாளாகக் குறைத்துவிட்டார்களே என்று போக்குவரத்து அமைச்சராக அமர்ந்திருக்கும் உறுப்பினர் கேட்கக்கூடும். 60 என்றாலும் அது 32ஐவிடப் பெரிய எண்தான், அமைச்சர் அவர்களே! தேர்தல் தேதி தெரியும் முன்பே டிக்கெட் விற்றுத் தீர்கிற நிலை அதனால் மாறவில்லை.

(இங்கே சற்று நிறுத்து, அம்மா. சிரிப்பு வந்தால் அடங்கட்டும்.)

டிக்கெட் கிடைத்துவிட்டது என்றே கொள்வோம். 17ஆம் தேதி புறப்பட்டு, 19 அன்று ஓட்டுப் போட்டு, மறுநாள் ஏறி, 21 இரவு திரும்பினால் ஐந்து நாள் கூலி போயிற்று. கூலி நாளைக்கு 700 ரூபாய் என்று வைத்தால் 3,500. ரயில் செலவும் வழியில் சோறும் சேர்த்தால் 5,000 ரூபாயை எளிதில் தாண்டும். மனைவிக்கும் ஓட்டு உண்டு என்றால் அவர் கட்டணமும் கூலியும் தனி. 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 135B பிரிவு வாக்குப்பதிவு நாளில் சம்பளத்துடன் விடுமுறை தரச் சொல்கிறது. தினக்கூலிக்கும் அது உண்டு. நல்ல பிரிவுதான். ஆனால் அது தருவது ஒரே ஒரு நாள். விடுமுறை தர மறுக்கும் முதலாளிக்கு அபராதம் 500 ரூபாய் வரைதான். இந்த நிலையில் இவர்மேல் வாக்களிக்காத குற்றத்துக்கு அபராதம் போடுவது எவ்வகை நீதி?

குஜராத்தில் அப்படித்தான் முயன்றார்கள். உள்ளாட்சித் தேர்தலில் வாக்களிப்பைக் கட்டாயமாக்கும் சட்டத்தை 2009இல் சட்டமன்றம் நிறைவேற்றியது. ஆளுநர் திருப்பி அனுப்பினார். பின்னர் 2014இல் இன்னொரு ஆளுநர் ஒப்புதல் அளித்தார். 2015இல் வகுத்த விதிகளில் வாக்களிக்காதவருக்கு 100 ரூபாய் அபராதம். அதே ஆண்டு ஆகஸ்ட் மாதம் உயர் நீதிமன்றம் தடை விதித்தது. வாக்களிக்கும் உரிமைக்குள் வாக்களிக்காமல் இருக்கும் உரிமையும் அடங்கும் என்பது அங்கே எழுந்த வாதம்.

இந்த வாதத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. 1951ஆம் ஆண்டுச் சட்டத்தின் 79ஆம் பிரிவு (d) உட்பிரிவிலேயே, தேர்தல் உரிமை என்றால் வாக்களிக்காமல் இருப்பதும் அதில் சேரும் என்று எழுதியிருக்கிறது. அந்தச் சொற்களை அப்படியே விட்டுவிட்டுக் கட்டாயம் என்று ஒரு சட்டம் இயற்றினால் ஒரு சட்டம் இன்னொன்றோடு மோதும். ஆகவே என் மசோதாவின் இரண்டாம் கூறு அந்தப் பிரிவைத் திருத்துகிறது: வாக்காளர் வாக்குச்சாவடிக்கு வர வேண்டும், வந்தபின் எந்த வேட்பாளருக்கும் வாக்களிக்காதிருக்கும் உரிமை அவருக்கு உண்டு. 2013 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகு இயந்திரத்திலேயே 'மேற்கண்டவர்களில் யாருமில்லை' என்ற பொத்தான் வந்துவிட்டது. அதை அமுக்கியது யாருக்கும் தெரியாது. வருகைதான் கட்டாயம், தேர்வு அல்ல. இந்தப் பதில் நீதிமன்றத்தில் நிற்குமா என்பதை நீதிபதிகள்தான் சொல்ல வேண்டும். ஆனால் இதைச் சொல்லாமல் மசோதா கொண்டுவருவது அரைகுறை வேலை.

ஆஸ்திரேலியாவை எல்லோரும் உதாரணம் காட்டுகிறார்கள். அங்கும் இது தனிநபர் மசோதாவாகத்தான் வந்தது; 1924இல் டாஸ்மேனியாவைச் சேர்ந்த செனட்டர் ஹெர்பர்ட் பெய்ன் கொண்டுவந்தார். 1922 தேர்தலில் 60 விழுக்காட்டுக்கும் கீழே இருந்த வாக்குப்பதிவு 1925இல் 91ஐத் தாண்டியது. அபராதத்தைப் பற்றி மட்டும் நம்மவர்கள் பேசுகிறார்கள்: 20 டாலர், அதுவும் தக்க காரணம் எழுதினால் கிடையாது. ஆனால் அங்கே வாக்குப்பதிவு சனிக்கிழமை. தன் மாநிலத்துக்குள் எந்தச் சாவடியிலும் போடலாம். வேறு மாநிலத்தில் இருந்தால் அங்கேயே அதற்கென்று மையங்கள் உண்டு, தபாலிலும் அனுப்பலாம். நாட்டார்மேல் கடமையைச் சுமத்தும் முன் அரசு தன்மேல் அதைச் சுமத்திக்கொண்டது.

என் மசோதாவின் உயிர் அதன் மூன்றாம், நான்காம் கூறுகளில் இருக்கிறது. நம் பட்டறைத் தொழிலாளிக்கே திரும்புவோம்.

அவர் பத்தாண்டாக இங்கேயே குடும்பத்தோடு இருந்தால், 1950ஆம் ஆண்டுச் சட்டத்தின் 19, 20 பிரிவுகளின்படி அவர் ஓட்டு இருக்க வேண்டிய இடம் மும்பைதான். ஊரில் சொந்த வீடு இருப்பதால் மட்டும் ஒருவர் அங்கே வசிப்பவராக ஆகிவிடுவதில்லை என்று சட்டம் தெளிவாகச் சொல்கிறது. படிவம் 8 கொடுத்துப் பெயரை மாற்றியிருந்தால் 2024 மே 20 அன்று, மும்பையில் வாக்குப்பதிவு நடந்தபோது, நடந்து போய்ப் போட்டுவிட்டு மாலை வேலைக்கே போயிருக்கலாம். ஏன் மாற்றவில்லை? வீட்டுக்காரர் வாடகைச் சீட்டு எழுதித் தரமாட்டார். ஊர்ப் பட்டியலில் பெயர் போனால் ரேஷன் அட்டையும் பட்டாவும் போய்விடும் என்று பயம். இந்தப் பயத்துக்கு ஆதாரமில்லை. வாக்காளர் பட்டியல் வேறு, அவை வேறு. பயந்துகொண்டு இரண்டு இடத்திலும் பெயர் வைத்திருப்பதுதான் சட்டத்துக்கு விரோதம். வீடே இல்லாமல் நடைபாதையில் படுப்பவரைக்கூட, வாக்குச்சாவடி அலுவலர் இரவில் நேரில் வந்து பார்த்து, ஆவணம் இல்லாமலே சேர்க்கலாம் என்று ஆணையத்தின் வழிமுறை இருக்கிறது. பட்டறைப் பரணில் படுப்பவருக்கும் அதையே செய்ய வேண்டும் என்பது மூன்றாம் கூறு.

ஆனால் ஆறு மாதம் சாலை வேலைக்கும் செங்கல் சூளைக்கும் வந்து திரும்புகிறவர் கதை வேறு. தற்காலிகமாக வெளியே இருப்பதால் ஊர் வசிப்பிடம் போகாது என்கிறது அதே 20ஆம் பிரிவு. அவர் ஓட்டு ஊரில்தான் இருக்க வேண்டும், அவரோ இங்கே இருக்கிறார். இவருக்காகத்தான் ஒரே சாவடியில் 72 தொகுதிகளுக்கு வாக்களிக்கக்கூடிய தொலைதூர இயந்திரத்தை ஆணையம் தயாரித்து, 2023 ஜனவரி 16 அன்று கட்சிகளைக் கூட்டியது. புலம்பெயர்ந்தவர் யார் என்பதற்கு இலக்கணம் எங்கே, மும்பைச் சாவடியில் நெல்லை வேட்பாளருக்கு ஏஜெண்டாக யார் உட்காருவது என்று கேள்விகள் எழுந்தன, செயல்விளக்கம்கூட நடக்கவில்லை. கேள்விகள் நியாயமானவை. ஏஜெண்டு இல்லாத சாவடியை நானும் நம்பமாட்டேன். ஆனால் காஷ்மீரிலிருந்து இடம்பெயர்ந்தவர்களுக்கு ஜம்முவிலும் தில்லியிலும் தனிச் சாவடி வைக்க முடிந்திருக்கிறது. படைவீரருக்குத் தபால் வாக்கு முடிகிறது. கூலிக்காரருக்கு மட்டும் முடியாது என்பதை ஏற்பதற்கில்லை. தபாலோ இயந்திரமோ, வழியை அரசே தேர்ந்துகொள்ளட்டும். வழி ஒன்று இருக்க வேண்டும் என்பது நான்காம் கூறு.

இப்போது தொடக்கக் கூறு. ஒரு சட்டத்தின் வெவ்வேறு பிரிவுகள் வெவ்வேறு நாளில் நடைமுறைக்கு வரலாம் என்று எழுதுவது வழக்கமான முறை. அதன்படி, மூன்றும் நான்கும் உடனே நடைமுறைக்கு வரும். வாக்காளர்மேல் கடமை வைக்கும் ஐந்தாம் கூறு, முன்னிரண்டும் ஒரு பொதுத்தேர்தலில் நடத்திக் காட்டப்பட்ட பிறகே வரும். அபராதம் 50 ரூபாய். நோயும் பேறுகாலமும் பயணமும் போதிய காரணம். அதற்காக ரேஷனையோ வேறு உதவியையோ நிறுத்தக்கூடாது.

ஒரு ஐயத்தையும் மறைக்காமல் சொல்கிறேன். வாக்குப்பதிவு விழுக்காட்டை உயர்த்த இரண்டு வழி உண்டு. வாக்களிப்பவரைக் கூட்டலாம், பட்டியலில் இருப்பவரைக் குறைக்கலாம். 2025 ஆகஸ்டில் பீகாரில் தீவிரத் திருத்தத்துக்குப் பின் வந்த வரைவுப் பட்டியலில் 65 லட்சம் பெயர்கள் இல்லை. இறந்தோரும் இரட்டைப் பதிவும் அதில் உண்டு. நிரந்தரமாக வெளியேறியவர் என்று கழிக்கப்பட்டோரும் உண்டு. ஒருவர் பெயரை ஊரில் நீக்கும் அலுவலர், அவர் வேறெங்காவது சேர்க்கப்பட்டாரா என்று பார்ப்பதில்லை. பெயரில்லாதவருக்கு அபராதமில்லை, ஓட்டும் இல்லை. விழுக்காடு மட்டும் அழகாக ஏறும். ஆகையால் இடம் மாறியவர் என்று ஒரு பெயரை நீக்கினால், அது புதிய இடத்தில் சேர்ந்த பிறகே நீக்கம் செல்லும் என்று ஆறாம் கூறில் எழுதியிருக்கிறேன். எதிர்க்கட்சி உறுப்பினர்கள் இந்த ஒரு கூறுக்காவது திருத்தம் கொண்டுவராமல் இருக்க வேண்டுகிறேன்.

சாவடிகளுக்கும் இரவுக் கணக்கெடுப்புக்கும் பணம் வேண்டும். நிதிக் குறிப்பு இணைத்துள்ளேன். அரசின் தொகுப்பு நிதியிலிருந்து செலவு வருவதால் அரசியலமைப்பின் 117(3) பிரிவின்படி குடியரசுத் தலைவரின் பரிந்துரை இல்லாமல் இந்த அவை இதை நிறைவேற்ற முடியாது. இப்பள்ளியில் அந்தப் பொறுப்பை வகிக்கும் தலைமையாசிரியர் அவர்கள் நேற்று மாலையே பரிந்துரைக் கடிதத்தில் கையொப்பமிட்டுவிட்டார். அதை அவையின் மேசையில் வைக்கிறேன்.