ஐஸ் ஃபேக்டரி மூடியிருந்த மாதம் கரண்ட் பில் ஏன் எகிறியது?

(கடலூரில் சிறுதொழில் செய்வோர் மத்தியில் பேசியதன் எழுத்து வடிவம்)

இங்கே ஐஸ் ஃபேக்டரிக்காரங்க இருக்கீங்க, சிதம்பரத்திலிருந்து ரைஸ் மில்காரங்க வந்திருக்கீங்க, பண்ருட்டி பக்கம் முந்திரி உடைக்கிறவங்களும் இருக்கீங்க. உங்களுக்குத் தெரிந்த ஒரு பில்லை வைத்தே பேசிவிடுகிறேன். ஆள் பெயர் வேண்டாம், எண்களை முழு எண்ணாக்கிச் சொல்கிறேன்.

கடலூர் முதுநகர் பக்கம் ஒரு ஐஸ் ஃபேக்டரி. மூன்று பி தொழிற்சாலை கட்டண இணைப்பு, ஒப்பந்த மின்பளு 75 குதிரைத்திறன், அதாவது 56 கிலோவாட். 2023 மே மாத பில்லை எடுத்துக்கொண்டு அதன் முதலாளி என்னிடம் வந்தார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் என்பது உங்களுக்குத் தெரியும். விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது, ஐஸுக்கும் ஆர்டர் இருக்காது. "சார், பாதி நாள் ஃபேக்டரியே ஓடலை. ஓடாத மாசத்துக்கு யூனிட் பதினோரு ரூபாய் விழுது. ஓடுன மாசத்துல எட்டரைதான். மீட்டர்ல ஏதோ கோளாறு"ன்னு சொன்னார்.

மீட்டரில் கோளாறு இல்லை. ஜனவரி பில்லையும் மே பில்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். நீங்களும் உங்கள் பில்லை போனில் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஜனவரியில் 12,000 யூனிட். அப்போதைய ரேட் யூனிட்டுக்கு ரூ.7.50, ஆக யூனிட் கட்டணம் 90,000 ரூபாய். மே மாதம் 4,000 யூனிட், 30,000 ரூபாய். இது நியாயமாகத்தான் குறைந்திருக்கிறது. ஆனால் அதற்குக் கீழே இரண்டு வரி இருக்கிறது. ஒன்று நிலைக்கட்டணம்: ஜனவரியில் 8,400, மே மாதமும் அதே 8,400. இன்னொன்று பவர் ஃபாக்டர் அபராதம்: ஜனவரியில் 2,700, மே மாதம் 5,400. உற்பத்தி மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தபோது அபராதம் இரண்டு மடங்கு ஆகியிருக்கிறது! வரி, உச்சநேரக் கட்டணம் போன்றவற்றை விட்டுவிட்டாலும் மே மாதம் 43,800 ரூபாய். அதில் 13,800 ரூபாய் யூனிட்டுக்காகக் கொடுத்ததே இல்லை.

முதலில் நிலைக்கட்டணம். இது நீங்கள் எரித்த கரண்டுக்கு அல்ல. உங்களுக்காக டிரான்ஸ்பார்மரிலும் லைனிலும் ஒதுக்கி வைத்த இடத்துக்கு வாடகை என்று வைத்துக்கொள்ளுங்கள். கடையைப் பூட்டினாலும் வாடகை நிற்காது, இல்லையா? தாழ்வழுத்த இணைப்பில் இது ஒப்பந்த மின்பளுவை வைத்துத்தான் கணக்கிடப்படுகிறது.

2022 செப்டம்பர் 10 வரை இது கிலோவாட்டுக்கு மாதம் 35 ரூபாயாக இருந்தது. அன்று நடைமுறைக்கு வந்த மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் உத்தரவு, 50 கிலோவாட் வரை 75 ரூபாய் என்றும், அதற்கு மேல் 112 கிலோவாட் வரை 150 ரூபாய் என்றும் ஆக்கியது. 2023 செப்டம்பர் 25 அன்று தமிழகம் முழுக்க சிறுதொழில்காரர்கள் ஒருநாள் கதவடைப்பு செய்ததற்கு இந்த நிலைக்கட்டண உயர்வும் ஒரு முக்கியக் காரணம். அதற்குப் பிறகு ரேட் ஜூலை மாதங்களில் திருத்தப்பட்டு வருகிறது. இன்றைய ரேட் உங்கள் பில்லிலேயே இருக்கும், அதைப் போட்டுக் கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். நான் சொல்வது அந்த 2023 மே மாதக் கணக்கு.

இதில் ஒரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. 50-ஐத் தாண்டினால், தாண்டிய கிலோவாட்டுக்கு மட்டும் கூடுதல் ரேட் இல்லை, மொத்த பளுவுக்கும் கூடுதல் ரேட். 50 கிலோவாட் என்றால் 50 பெருக்கல் 75, ஆக 3,750 ரூபாய். 51 ஆனால் 51 பெருக்கல் 150, ஆக 7,650 ரூபாய். ஒரே ஒரு கிலோவாட்டுக்கு 3,900 ரூபாய்! நம்ம ஐஸ் ஃபேக்டரி 56-ல் இருந்தது.

அந்த 56 எப்படி வந்தது? 40 குதிரைத்திறன் கம்ப்ரசர் ஒன்று, 20-ல் ஸ்டாண்ட்பை ஒன்று, பம்பும் மற்ற மோட்டாரும் சேர்த்து 15. இணைப்பு வாங்கும்போது எல்லாவற்றையும் கூட்டி 75 என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ஆனால் இரண்டு கம்ப்ரசரும் ஒன்றாக ஓடியதே கிடையாது. மீட்டரில் பட்டனை அழுத்தினால் அந்த மாதத்தின் அதிகபட்சத் தேவை, எம்.டி. என்று ஒரு எண் வரும். அது மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது ஒரு நொடி இழுக்கும் கரண்ட் அல்ல, சில நிமிடங்களின் சராசரி. பில்லிலும் அது இருக்கும். ஒரு வருஷ பில்லையும் எடுத்துப் பார்த்தோம். அதிகபட்சம் 43 கிலோவாட்தான்.

அப்புறம் என்ன, ஒப்பந்த பளுவை 50-ஆகக் குறைக்க மனு கொடுத்தார். மாதம் 8,400 இருந்த இடத்தில் 3,750. மிச்சம் 4,650 ரூபாய்.

"அப்படின்னா 43-க்கே இறக்கிடலாமே"ன்னு கேட்பீங்க. வேண்டாம். எம்.டி. ஒப்பந்தத்தைத் தாண்டினால், தாண்டிய ஒவ்வொரு கிலோவாட்டுக்கும் யூனிட் கட்டணத்தில் 1 சதவீதம் கூடுதலாகக் கட்ட வேண்டும். ஜனவரி மாதிரி ஒரு மாதத்தில் இரண்டு கிலோவாட் தாண்டினால் 1,800 ரூபாய். அடிக்கடி தாண்டினால் பளுவை ஏற்றச் சொல்வார்கள். குறைத்த பளுவை மறுபடி ஏற்றும்போது வளர்ச்சிக் கட்டணம் கட்ட வேண்டியிருக்கும். அடுத்த வருஷம் புது மெஷின் போடப்போகிறவர் இன்றைக்குக் குறைப்பதில் அர்த்தம் இல்லை. ஒரு வருஷ எம்.டி.யைப் பார்த்து, அதற்கு மேல் கொஞ்சம் இடம் விட்டு முடிவு பண்ணுங்க.

இனி அபராதம். மோட்டார் இரண்டு விதமாகக் கரண்ட் இழுக்கிறது. ஒன்று வேலை செய்வதற்கு. இன்னொன்று உள்ளே காந்தப்புலத்தை உண்டாக்கி வைத்திருப்பதற்கு. இந்த இரண்டாவது வேலை செய்யாது, யூனிட்டாகவும் ஓடாது, ஆனால் லைனில் இடத்தை அடைக்கும். மொத்தமாக இழுத்ததில் எவ்வளவு வேலைக்குப் போனது என்ற விகிதம்தான் பவர் ஃபாக்டர், தமிழில் திறன் காரணி. உங்கள் மீட்டர் kWh, kVAh என்று இரண்டு கணக்கு வைத்திருக்கிறது. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் அந்த மாத சராசரி பவர் ஃபாக்டர் வந்துவிடும்.

ஜனவரியில் 12,000 வகுத்தல் 14,630, அதாவது 0.82. மே மாதம் 4,000 வகுத்தல் 5,480, அதாவது 0.73. ஏன் இறங்கியது? காந்தத்துக்கான கரண்ட், மோட்டாரில் லோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஏறக்குறைய ஒரே அளவுதான். வேலைக்கான கரண்ட் மட்டும் லோடோடு சேர்ந்து குறையும். தடைக்காலத்தில் கம்ப்ரசர் அரை லோடில் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. ரைஸ் மில்லில் நெல் வரத்து இல்லாத மாதத்திலும் இதே கதைதான்.

18.6 கிலோவாட், அதாவது 25 குதிரைத்திறன், அல்லது அதற்கு மேல் உள்ள தாழ்வழுத்தத் தொழில் இணைப்புகள் 0.85 வைத்திருக்க வேண்டும். அதற்குக் கீழே 0.75 வரை, ஒவ்வொரு 0.01-க்கும் யூனிட் கட்டணத்தில் 1 சதவீதம் அபராதம். 0.75-க்கும் கீழே போய்விட்டால், 0.85-லிருந்தே எண்ணி ஒவ்வொரு 0.01-க்கும் ஒன்றரை சதவீதம். ஜனவரியில் 3 புள்ளி குறைவு, 90,000-ல் 3 சதவீதம், 2,700. மே மாதம் 12 புள்ளி குறைவு, ஒன்றரை மடங்கு போட்டால் 18 சதவீதம், 30,000-க்கு 5,400. 0.75-ல் நின்றிருந்தால் 10 சதவீதத்தோடு, 3,000-த்தோடு முடிந்திருக்கும்.

இதற்கு மருந்து கெப்பாசிட்டர். அந்தக் காந்தக் கரண்டை லைனிலிருந்து இழுக்காமல் பக்கத்திலேயே கொடுத்துவிடும். 40 கிலோவாட் லோடை 0.82-லிருந்து 0.95-க்குக் கொண்டுவர ஏறக்குறைய 15 கே.வி.ஏ.ஆர். கெப்பாசிட்டர் வேண்டும். ஆனால் அதை மொத்தமாக எப்போதும் லைனில் மாட்டி வைக்கக் கூடாது. மோட்டார் நிற்கும்போதும் கெப்பாசிட்டர் ஓடினால் வோல்ட்டேஜ் ஏறி வேறு தொல்லை வரும். 10, 5 எனப் பிரித்து, அந்தந்த மோட்டார் ஓடும்போது மட்டும் சேருகிற மாதிரி கான்டாக்டரோடு மாட்டச் சொல்லுங்கள். லோடு அடிக்கடி மாறுகிற இடம் என்றால், தானாகச் சேர்த்துப் பிரிக்கிற பேனல் இருக்கிறது, அது நல்லது.

இந்த ஐஸ் ஃபேக்டரியில் ஒரு வேடிக்கை. கெப்பாசிட்டர் ஏற்கெனவே இருந்தது! பெட்டி சுவரில் தொங்குகிறது, முதலாளியும் நம்பிக்கையாக இருக்கிறார். எலக்ட்ரீஷியனை விட்டு கிளாம்ப் மீட்டரை வைத்துப் பார்க்கச் சொன்னோம். 10 கே.வி.ஏ.ஆர்., 440 வோல்ட் என்று போட்டிருக்கும் கெப்பாசிட்டர், நம்ம 415 வோல்ட்டில் ஒவ்வொரு ஃபேஸிலும் சுமார் 12 ஆம்பியர் இழுக்க வேண்டும். இங்கே இரண்டு ஃபேஸில் 5, மூன்றாவதில் ஒன்றுமே இல்லை. உப்புக் காற்று, அம்மோனியா, சூடு, எல்லாம் சேர்ந்து அதைத் தின்றுவிட்டன. கடலோரத்தில் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை இந்தச் சோதனை அவசியம். எலக்ட்ரீஷியனைத் தவிர யாரும் தொட வேண்டாம். சுவிட்சை அணைத்த பிறகும் கெப்பாசிட்டருக்குள் கரண்ட் தங்கியிருக்கும்.

கெப்பாசிட்டர் போட்டால் யூனிட் பாதியாகும் என்று விற்க வருகிறவர்களை நம்பாதீங்க. ஃபேக்டரிக்குள் ஒயர் சூடாவது கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். யூனிட் பெரிதாகக் குறையாது, கிலோவாட் எம்.டி.யும் குறையாது, நிலைக்கட்டணமும் குறையாது. அபராதம் போகும். போனில் விளம்பரம் வருமே, வீட்டு பிளக்கில் சொருகினால் பில் குறையும் என்று ஒரு சின்னப் பெட்டி? வீட்டு பில்லில் பவர் ஃபாக்டர் அபராதமே கிடையாது. பெட்டி எதைக் குறைக்கும்?

பளு குறைப்பு மனுவை மின் பகிர்மானக் கழகத்தின் இணையதளத்திலேயே கொடுக்கலாம். பில்லில் உள்ள எம்.டி.யோ பவர் ஃபாக்டரோ மீட்டரில் தெரிவதோடு ஒத்துவரவில்லை என்றால், மீட்டர் திரையைத் தேதியோடு போட்டோ எடுத்து, பிரிவு அலுவலகத்தில் எழுத்தில் கொடுங்கள். மின்னகம் 94987 94987 எண்ணிலும் புகாரைப் பதியலாம், பதிவு எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அதிலும் தீரவில்லை என்றால் கடலூர் மின் பகிர்மான வட்டத்தின் மின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம் இருக்கிறது. அதற்கு மேல் சென்னையில் மின் குறைதீர்ப்பாளர்.

அந்த ஐஸ் ஃபேக்டரியில் புது கெப்பாசிட்டர் போட்ட பிறகு, அடுத்த தடைக்காலத்தில் பவர் ஃபாக்டர் 0.94 என்று வந்தது. அபராத வரி பில்லில் இல்லை. நிலைக்கட்டணம் மட்டும் வந்தது, 50 கிலோவாட்டுக்கு. ஃபேக்டரி அப்போதும் பாதி நாள் மூடித்தான் இருந்தது.