முன்னிலைக்குப் படர்க்கை உடை: இத்தாலிய மொழியில் ஒரு வேலை விண்ணப்பக் கடிதம்

தன்மை, முன்னிலை, படர்க்கை என்னும் மூவிடங்களைப் பள்ளியில் ஒரு வகுப்பில் படித்துத் தேர்வில் எழுதிவிட்டு மறந்துவிடுகிறோம். அந்த மூன்றும் ஒருவருடைய பிழைப்போடு நேரடியாகத் தொடர்புகொள்ளும் இடம் ஒன்றை இவ்வுரையில் எடுத்துக்கொள்கிறோம். அது ஒரு பக்கக் கடிதம். எழுதியவர் தமிழர், எழுதிய மொழி இத்தாலியம்.

கடிதத்தை நாம் இவ்வுரைக்காக அமைத்துக்கொண்டோம். கோயம்புத்தூரில் இயந்திரப் பொறியியல் படித்து, நீரேற்றும் பம்பு செய்யும் தொழிற்கூடம் ஒன்றில் ஆறாண்டுகள் வடிவமைப்புப் பிரிவில் பணிபுரிந்த ஒருவர், வட இத்தாலியில் வெரோனாவுக்கும் விசென்சாவுக்கும் இடையே பம்பு உற்பத்தி செய்யும் ஒரு நிறுவனத்துக்கு எழுதுகிறார் என்று கொள்வோம். அவர் பெயர் செழியன். தந்தை பெயர் கந்தசாமி. தொழிலை அவர் நன்கு அறிவார். இத்தாலிய மொழியையும் இரண்டாண்டுகள் கற்றிருக்கிறார். கடிதத்தின் செய்தி எளியது: இன்னார் எழுதுகிறேன், இன்ன படிப்பு, இன்ன அனுபவம், தாங்கள் விளம்பரப்படுத்திய பணிக்கு விண்ணப்பிக்கிறேன், நேர்காணலுக்கு அழைத்தால் வருவேன், நன்றி. இந்த ஐந்தாறு தொடர்களில் தமிழ் மனம் எங்கெங்கே இடறுகிறது என்பதே நம் ஆய்வு.

முதலில் முன்னிலை. இத்தாலியத்தில் ஒருவரை அழைக்க மூன்று சொற்கள் உண்டு. நெருங்கியவருக்கும் சிறுவருக்கும் 'தூ'; பலருக்கு 'வோய்'; மதிப்புக்குரிய ஒருவருக்கு 'லேய்'. இந்த 'லேய்' என்னும் சொல்லுக்கு நேர்ப்பொருள் 'அவள்' என்பதாகும். மேலாளர் மீசை வைத்த ஆடவராக இருந்தாலும் அவரை மரியாதையாக அழைக்கும் சொல் 'அவள்' என்பதுதான். காரணம் வரலாற்றில் இருக்கிறது. பெரியோரை நேரே சுட்டாமல், 'வோஸ்த்ரா ஸிஞ்ஞொரீயா', அதாவது 'தங்கள் பிரபுத்தன்மை' என்று அவருடைய தகுதியைச் சுட்டிப் பேசும் வழக்கம் மறுமலர்ச்சிக் காலத்தில் பரவியது. அந்தத் தகுதிச்சொல் இத்தாலிய இலக்கணத்தில் பெண்பால். ஆகவே அதற்குப் பதிலாக வந்த பெயரும் பெண்பாலாயிற்று.

இது நமக்கு விந்தையாகத் தோன்ற வேண்டியதில்லை. நம் 'தாங்கள்' எங்கிருந்து வந்தது? தான், தாம் என்பவை இலக்கணப்படி படர்க்கைப் பெயர்கள். 'அவர் தம் வீட்டுக்குச் சென்றார்' என்னும்போது அந்தப் படர்க்கைப் பொருள் இன்றும் உயிரோடிருக்கிறது. அதே 'தாம்' கள் விகுதி பெற்று, எதிரே நிற்பவரைச் சுட்டும் உயர்ந்த சொல்லாயிற்று. நேரே விரல் நீட்டாமல் சற்று விலகி நின்று சுட்டுவது மரியாதை என்னும் உணர்வு இரு மொழிகளுக்கும் பொது.

ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. பிழை பிறப்பது அங்கேதான். தமிழில் படர்க்கை உடை பெயரோடு நின்றுவிடுகிறது. 'தாங்கள் வந்தீர்கள்' என்கிறோம். வினைமுற்று முன்னிலைக்கே உரியது. இத்தாலியத்தில் அந்த உடை வினைவரை நீள்கிறது. 'லேய்' என்று தொடங்கினால் வினைமுற்று 'அவள் வந்தாள்' என்பதற்குரிய படர்க்கை ஒருமை வடிவமாகவே இருக்க வேண்டும். செழியன் என்ன செய்கிறார்? 'தாங்கள் … உள்ளீர்கள்' என்னும் பழக்கத்தால் 'லேய் அவேத்தே' என்று எழுதுகிறார். பெயர் ஒருமை, வினை பலர்க்குரிய முன்னிலை. 'லேய் ஆ' என்பதே சரி. 'அவன் வந்தீர்கள்' என்று ஒரு வெளிநாட்டவர் தமிழில் எழுதினால் நம் காதுக்கு எப்படியிருக்குமோ, அப்படித்தான் அதைப் படிக்கும் இத்தாலியருக்கும் இருக்கும்.

இன்னொரு நுட்பம். பெயர் பெண்பாலாயினும், எழுவாயைப் பற்றிச் சொல்லும் பண்புச்சொல் மெய்யான பாலைப் பின்பற்றுகிறது. ஆடவரை நோக்கி 'தாங்கள் அன்பாக இருந்தீர்கள்' என்று சொல்ல 'லேய் ஏ ஸ்தாத்தோ' என்று ஆண்பாலில் முடிப்பர். பெண்ணை நோக்கியானால் 'ஸ்தாத்தா'. ஆகவே கடிதத்தைப் பெறுபவர் ஆணா பெண்ணா என்று அறிந்துகொள்ளாமல் எழுதத் தொடங்குதல் இடருக்கு வழி.

அடுத்து வேற்றுமை. தமிழர் பிழையை எடுத்துக்காட்ட இதைவிடத் தெளிவான இடம் இல்லை. 'தங்களுக்கு எழுதுகிறேன்' என்பது தமிழில் நான்காம் வேற்றுமை. இத்தாலியத்திலும் அவ்வாறே: 'லே ஸ்க்ரீவோ'. இதில் 'லே' என்பது 'தங்களுக்கு'. இங்கே செழியன் சரியாக எழுதுகிறார். கடைசித் தொடரில் 'தங்களுக்கு நன்றி கூறுகிறேன்' என்று நினைத்து 'லே ரிங்க்ராட்சியோ' என்கிறார். இது பிழை. நன்றி கூறும் வினை இத்தாலியத்தில் இரண்டாம் வேற்றுமை கொள்ளும். 'லா ரிங்க்ராட்சியோ' என்றே எழுத வேண்டும். அவர் எழுதிய வடிவமோ 'அப்பெண்களுக்கு நன்றி' என்று வேறு பொருள் தருகிறது. தொலைபேசி வினையில் இது தலைகீழாகிறது. தமிழில் 'தங்களைத் தொலைபேசியில் அழைப்பேன்' என்போம். இத்தாலியத்தில் 'தங்களுக்கு' என்னும் வேற்றுமையில் 'லே டெலெஃபொனெரோ' என்பர். வினைச்சொல்லைக் கற்கும்போதே அது எவ்வேற்றுமையை ஏற்கும் என்பதையும் சேர்த்துக் கற்க வேண்டும் என்று நாம் மாணவர்க்குச் சொல்வது இதனால்தான்.

இனி 'வோய்'. 'நீங்கள்' பன்மையாகவும் மரியாதையாகவும் வருவதால், 'வோய்' அதற்கு இணை என்று தமிழர் எளிதில் எண்ணுகின்றனர். ஒருவரையே 'வோய்' என அழைப்பது தென்னித்தாலியப் பேச்சில் இன்றும் கேட்கப்படுவது. ஆனால் அதற்கு ஒரு கசப்பான நினைவும் உண்டு. 1938இல் முசோலினியின் பாசிச அரசு 'லேய்' வழக்கை ஒழித்து 'வோய்' வழக்கைப் புகுத்த முயன்றது. அவ்வாட்சி வீழ்ந்தபின் 'லேய்' மீண்டது. இன்று வடக்கே ஓர் அலுவலரை 'வோய்' என அழைத்தால் பழமையாகவோ அயலாகவோ ஒலிக்கும்.

எனினும் வணிகக் கடிதத்தில் 'வோய்' மறையவில்லை. நிறுவனம் என்பது பலரின் தொகுதியாதலால் 'வோஸ்த்ரா', அதாவது 'உங்கள் எல்லோருடைய' நிறுவனம் என்பது இயல்பு. ஆகவே விதி இதுதான்: நிறுவனத்துக்கு உரியது 'வோஸ்த்ரா', பெயர் சுட்டி எழுதும் ஒருவருக்கு உரியது 'ஸூவா'. செழியன் 'உங்கள் நிறுவனத்தில் பணிபுரிய விரும்புகிறேன்' என்பதை 'வோஸ்த்ரா' என்று எழுதியது சரி. ஆனால் பணியமர்த்தும் அம்மையார் ஒருவரை விளித்துத் தொடங்கிவிட்டு, இறுதியில் அவருடைய மறுமொழியையும் 'வோஸ்த்ரா' என்று குறித்தது பொருந்தவில்லை. எங்கிருந்தோ எடுத்த மாதிரித் தொடரை ஒட்டவைத்தார் என்பது இத்தகைய கலப்பினால் தெரிந்துவிடும்.

முன்னிலையை விட்டுத் தன்மைக்கு வருவோம். 'நான் பொறியாளர்' என்பது தமிழில் தொழிலைக் குறிக்கும் இயல்பான தொடர். பட்டம் பெற்றவரெல்லாம் தம்மைப் பொறியாளர் என்பர். இத்தாலியத்தில் 'இஞ்ஜெஞ்ஞேரே' என்பது சட்டம் காக்கும் பட்டம். 1923ஆம் ஆண்டின் சட்டம் தொடங்கி இக்காப்பு நிலவுகிறது. பல்கலைக்கழகப் பட்டத்துக்குப் பின் அரசுத் தகுதித் தேர்வில் தேறி, தொழிலோர் பதிவேட்டில் பெயர் பதிந்தவரே அதைப் பெயருக்கு முன் இட உரியவர். செழியன் கையொப்பத்தில் அதன் சுருக்கத்தைப் போட்டுக்கொண்டால், தமக்கு இல்லாத பதிவு இருப்பதாகக் கூறியவராகிறார். நிறுவனத்தில் ஊழியராக வடிவமைப்புப் பணி செய்ய அந்தப் பதிவு பொதுவாக வேண்டுவதில்லை. ஆகவே அதைச் சொல்லி இலாபமும் இல்லை. 'லவுரெயாத்தோ', அதாவது இயந்திரப் பொறியியலில் பட்டம் பெற்றவர் என்று எழுதுவதே உண்மையும் பாதுகாப்பும் ஆகும். இந்தியாவின் நான்காண்டுப் பட்டத்தை இத்தாலியின் மூன்றாண்டுப் பட்டமாகவோ, அதன்மேல் இரண்டாண்டு படிக்கும் உயர்பட்டமாகவோ தாமே பெயர்மாற்றம் செய்யாமல், பட்டத்தின் சொந்தப் பெயரையும் படித்த ஆண்டுகளையும் எழுதிவிட வேண்டும்.

ஆனால் பெறுபவரின் பட்டத்தை விட்டுவிடலாகாது. இத்தாலியில் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றவரெல்லாம் 'தொத்தோரே', பெண்ணானால் 'தொத்தொரெஸ்ஸா'. நம் நாட்டு 'டாக்டர்' என்னும் சொல்லை மனத்தில் கொண்டு, 'இவர் முனைவரா, மருத்துவரா' என்று தயங்கிச் செழியன் அதை நீக்கிவிட்டால் மரியாதைக் குறைவாகப்படும். விளியில் 'ஜெந்தீலே' இருபாலார்க்கும் பொருந்தும். 'எக்ரேஜோ' வழக்கில் ஆடவர்க்கே. நிறுவனத்தின் பெயருக்கு முன் மேலே வருவது 'ஸ்பெத்தாபிலே'. ஆக, தமக்குப் பட்டத்தைக் குறைத்தும் பிறர்க்கு நிறைத்தும் எழுதுக என்பது சுருக்கம்.

கடைசியாகப் பெயர். மலேசியா, சிங்கப்பூர்த் தமிழர்க்கு இது நன்கு பழகிய சிக்கல். இத்தாலியர்க்கு இயற்பெயரும் குடும்பப்பெயரும் வெவ்வேறு. குடும்பப்பெயரே விளியில் வரும். செழியன் கடவுச்சீட்டின் குடும்பப்பெயர்க் கட்டத்தில் கந்தசாமி இருந்தால், மறுமொழி 'அன்புள்ள திரு கந்தசாமி' என்றே வரும். மகன் எழுதிய கடிதத்துக்குத் தந்தைக்குப் பதில். இதைத் திருத்த முயல்வது வீண். இத்தாலியின் பதினாறு எழுத்து வரிக்குறியீட்டின் முதல் மூன்று எழுத்துகள் குடும்பப்பெயரிலிருந்தும், அடுத்த மூன்று இயற்பெயரிலிருந்தும் எடுக்கப்படுகின்றன. கடிதத்தில் ஒரு வரிசை, கடவுச்சீட்டில் மற்றொரு வரிசை என்றிருந்தால் வேலை கிடைத்தபின் ஆவணங்கள் ஒன்றோடொன்று ஒட்டா. ஆகவே கடிதத்திலும் கடவுச்சீட்டின்படியே எழுதி, கையொப்பத்தையும் அவ்வாறே இட வேண்டும். இங்குள்ளோர் பெயரின் நடுவே வரும் 'அனாக் லெலாக்கி' சுருக்கத்தையும் ஆவணத்தில் உள்ளபடி காக்க வேண்டியதே. அங்குள்ளவர்க்கு அதன் பொருள் விளங்காதாகையால், இயற்பெயர் எது என்பதை ஒரு வரியில் தெரிவித்துவிடலாம்.

எழுதி முடித்தபின் கடிதத்தை மூன்று முறை தனித்தனியே படிக்குமாறு மாணவர்க்குச் சொல்லலாம். முதல்முறை வினைமுற்றுகளை மட்டும்: 'லேய்' வரும் இடமெல்லாம் படர்க்கை ஒருமையா என்று. இரண்டாம் முறை 'லா', 'லே', 'வோஸ்த்ரா', 'ஸூவா' ஆகிய சொற்களை மட்டும்: வினைக்கேற்ற வேற்றுமையா, நிறுவனத்துக்கா, ஒருவருக்கா என்று. மரியாதையைக் காட்ட இச்சொற்களின் முதலெழுத்தைப் பெரிய எழுத்தாக எழுதுவது மரபு. நம் எழுத்தில் பெரியது சிறியது இல்லாமையால் அதையும் இப்போதே கவனிக்க வேண்டும். மூன்றாம் முறை பெயரையும் பட்டத்தையும் மட்டும். ஒரே வாசிப்பில் எல்லாவற்றையும் பார்க்க முயன்றால் கண் பொருளின் பின்னே போய்விடும். பிழை அப்படியே நின்றுவிடும்.