உப்பும் சீனியும் சேர்ந்தால்தான் தண்ணீர் உள்ளே போகும்

(தோட்டத் தாய்மார் கூட்டமொன்றில் மருத்துவ உத்தியோகத்தர் ஒருவர் நிகழ்த்திய பேச்சு)



போன கூட்டம் முடிந்து வெளியே வரும்போது ஓர் அக்கா கேட்டார்: "ஐயா, ஜீவனி கரைச்சுக் குடுத்தும் புள்ளைக்குப் பேதி நிக்கலையே, அப்புறம் அது எதுக்கு?" நல்ல கேள்வி. இன்று அதற்குத்தான் பதில் சொல்லப் போகிறேன்.

முதலில் கழிவைப் பார்க்கப் பழக வேண்டும். அருவருப்புப் படாதீங்க. கொலராவில் கழிவு அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி ஊற்றும். இரத்தம் இருக்காது, காய்ச்சலும் பெரும்பாலும் இருக்காது. அந்தக் கிருமி சிறுகுடலின் சுவரில் ஒட்டிக்கொள்ளுமே தவிர, குடலைப் புண்ணாக்காது. அது விடுகிற நஞ்சுதான் குடலிலிருந்து தண்ணீரைக் கொட்ட வைக்கிறது. வயிற்றுளைவு அப்படியில்லை. அந்தக் கிருமி பெருங்குடலையே கடித்துப் புண்ணாக்கும். அதனால் கொஞ்சம் கொஞ்சமாக, சளியும் இரத்தமுமாகப் போகும். வயிறு முறுக்கும், காய்ச்சலும் வரும். நெருப்புக் காய்ச்சலில் பேதியை விடக் காய்ச்சலே பெரிது. நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போகும். சிலருக்கு மலச்சிக்கல்கூட இருக்கும். கிருமி குடல் வழியாக இரத்தத்துக்குள் போய்விடுவதே காரணம்.

இரத்தம் கண்டாலும், காய்ச்சல் இறங்காமல் நின்றாலும் ஜீவனி மட்டும் போதாது, டிஸ்பென்சரிக்கு வரவேணும். மீதமிருந்த மாத்திரையைக் கொடுத்துப் பார்க்காதீங்க.

இனி அந்த அக்காவின் கேள்வி. ஜீவனி பேதியை நிறுத்தும் மருந்தில்லை. பேதியால் வெளியே போன தண்ணீரையும் உப்பையும் உடம்புக்குத் திருப்பிக் கொடுப்பது அது. வெறும் தண்ணீர் கொடுத்தால் பேதியில் இழந்த உப்பு ஈடாகாது. உப்பை மட்டும் போட்டாலும் குடல் சரியாக எடுத்துக்கொள்ளாது. சீனி கூட வந்தால் இரண்டும் கைகோர்த்து உள்ளே நுழையும், தண்ணீரும் பின்னாலேயே போகும். கொலரா நஞ்சு கூட இந்தக் கதவை மூட முடியாது. 1971ஆம் ஆண்டு வங்காளதேச யுத்தத்தில் இந்தியாவின் பங்காவ் அகதி முகாமில் சேலைன் தீர்ந்துபோனபோது, டாக்டர் திலீப் மஹலனாபிஸ் உப்பு, குளுக்கோஸ், சோடா உப்பு கலந்த நீரைப் பீப்பாய்களில் வைத்துக் குடிக்கக் கொடுத்தார். நோயாளியின் சொந்தக்காரரே ஊட்டினார்கள். முன்பு நூற்றுக்கு முப்பது பேர் வரை இறந்த இடத்தில் நான்கு பேருக்கும் குறைவாக இறந்தார்கள்.

ஒரு பிள்ளையை எடுத்துக்கொள்வோம். இரண்டு வயது, நிறை 10 கிலோ. காலையிலிருந்து எட்டுத் தடவை தண்ணியாப் போயிருக்கு. கண் குழி விழுந்திருக்கு, தண்ணியைக் கண்டதும் ஆவலாக் குடிக்குது. வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மெதுவாகத்தான் படியுது. ஒரு கிலோவுக்கு 75 மில்லி லீற்றர் கணக்கில் 750 மில்லி, நான்கு மணித்தியாலத்தில் கொடுக்கணும். ஒன்றரை நிமிஷத்துக்கு ஒரு தேக்கரண்டி வீதம் ஊட்டினால் கணக்குச் சரி. வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் பொறுத்து, இன்னும் மெதுவாக ஊட்டுங்க. தாய்ப்பாலை நிறுத்தாதீங்க. நான்கு மணித்தியாலம் கழித்து மறுபடி தோலைக் கிள்ளிப் பாருங்க. கண் தெளிந்து, மூத்திரம் போனால் நல்ல அறிகுறி. அதன்பிறகு ஒவ்வொரு பேதிக்கும் 100 மில்லியாவது கொடுக்கணும். பிள்ளை சோர்ந்து தூங்கிக்கொண்டே இருந்தால், குடிக்க முடியாவிட்டால் வீட்டில் வைத்துப் பார்க்காதீங்க. அதற்குச் சேலைன் தான் வேணும்.

தப்பு எங்கே நடக்குதுன்னா, கரைக்கிற இடத்தில. ஒரு பக்கற் ஜீவனி ஒரு லீற்றருக்கு. லயத்தில் கிடக்கிற சாராயப் போத்தல் பெரும்பாலும் 750 மில்லி! அதில் முழுப் பக்கற்றையும் போட்டால் உப்புக் கூடிப்போகும். அளவு தெரிந்த தண்ணீர்ப் போத்தலையே பாருங்க. இனிப்புக்காக மேலும் சீனி போடுவதும் தப்பு. மிதமிஞ்சிய சீனி உடம்பிலுள்ள தண்ணீரைக் குடலுக்கு இழுத்துப் பேதியைக் கூட்டும். பக்கற் இல்லாவிட்டால் கொதித்தாறிய ஒரு லீற்றர் தண்ணீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சீனியும், அரைத் தேக்கரண்டி உப்பும் போதும். வாயில் வைத்துப் பார்க்கும்போது கண்ணீரை விட உப்புக் கரித்தால் ஊற்றிவிட்டு மறுபடி கரையுங்க.

கரைத்தது 24 மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம். மிச்சத்தை ஊற்றிவிட்டுப் புதிதாகக் கரைத்துக்கொள்ளுங்கள். பேதி கண்ட பிள்ளைக்கு 10 முதல் 14 நாட்களுக்குக் கொடுக்கும் சிங்க் மாத்திரை பற்றியும் டிஸ்பென்சரியில் கேட்டு வாங்குங்கள்.